அந்தமானுக்கு எந்த மாசம் போகலாம்?

நம்ம ஊர்ல பள்ளிக்கூடத்துக்குப் போற பசங்க இருக்கிற வீட்டுல அந்தமான் பேச்சு வந்தா, ரெண்டு தேதிதான் அடிபடும். ஒண்ணு மே மாச லீவு, இன்னொண்ணு டிசம்பர் கடைசி லீவு. கூட்டமும் விலையும் ஏறுற நாளும் இதுதான். வானிலை கைவிடக்கூடிய நாளும் இதுக்குள்ளயே இருக்கு.

முதல்ல மே. கேரளாவுக்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில வருது இல்லையா? அதுக்கு முன்னாடியே அது தெற்கு அந்தமான் கடலைத் தொட்டுடும். 2024-ல மே 19, 2025-ல மே 13. அதாவது, இங்க கத்திரி வெயில் கொளுத்துறப்பவே அங்க மழைக்காலம் ஆரம்பிச்சிடுது.

"மழைதானே, குடை பிடிச்சுக்கலாம்"னு தோணும். ஆனா தீவுல பயணத்தைக் கெடுக்கிறது மழையை விட காத்துதான்.

(திரையில்: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவுகளின் வரைபடம்)

விமானம் இறங்குறது போர்ட் பிளேர்ல. இப்ப அதோட பேர் ஸ்ரீ விஜயபுரம். நீங்க படத்துல பாக்குற வெள்ளை மணல் கடற்கரை ஹேவ்லாக் தீவுல, அதாவது ஸ்வராஜ் தீவுல இருக்கு. நடுவுல ஒண்ணரைல இருந்து ரெண்டரை மணி நேரக் கப்பல் பயணம். காத்து பலமா அடிச்சா அந்தக் கப்பலை நிறுத்திடுவாங்க. போர்ட் பிளேர்ல வெயில் அடிச்சாலும் சரி, நீங்க ஜெட்டியில பெட்டியோட உக்காந்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது ராதாநகர் கடற்கரை. அது ஹேவ்லாக்கோட மேற்குப் பக்கம் இருக்கு. தென்மேற்குக் காத்து நேரா அங்கதான் வந்து மோதும். ஏப்ரல்ல கண்ணாடி மாதிரி கிடந்த அதே தண்ணி, மே கடைசியில கலங்கி, குளிக்கக்கூடாதுன்னு சிவப்புக் கொடி நட்டிருப்பாங்க. தண்ணி கலங்கிட்டா, பவளப்பாறை பாக்கக் கடலுக்குள்ள இறங்கினாலும் ஒண்ணும் தெரியாது.

சரி, டிசம்பர்? மழை குறைஞ்சிருக்கும், உண்மைதான். ஆனா வங்கக்கடல்ல புயல் சீசன் முழுசா முடிஞ்சிருக்காது. 2016-ல சென்னையை வர்தா புயல் புரட்டிப் போட்டது டிசம்பர் 12-ல. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலமா அந்தமான் பக்கம் இருந்தப்ப, ஹேவ்லாக், நீல் தீவுகள்ல ஆயிரத்துக்கு மேல சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கிட்டாங்க. கடற்படைக் கப்பல் போய்த்தான் மீட்டுச்சு.

அப்ப எந்த மாசம்? லீவு பிரச்சினை இல்லாதவங்களுக்கு என் பதில் பிப்ரவரி. மழை மிகக் குறைவு, கடல் அமைதி, புத்தாண்டுக் கூட்டமும் கலைஞ்சிருக்கும். மார்ச்சும் நல்லா இருக்கும், கொஞ்சம் வெக்கை கூடும், அவ்வளவுதான்.

பசங்க லீவை நம்பி இருக்கிறவங்க, மே மாசத்தை ஒரே மாசமா பாக்காதீங்க. பரீட்சை முடிஞ்ச கையோட கிளம்பி, மே முதல் வாரத்துக்குள்ள திரும்பிடுங்க. வேர்த்துக் கொட்டும், ஆனா கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மே 10-க்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடும்.

(திரையில்: அஞ்சு நாள் திட்டம்)

இப்ப ஒரு குடும்பத்தோட அஞ்சு நாளைப் பாப்போம். வழக்கமான திட்டத்துல முதல் நாள் செல்லுலார் ஜெயில், அப்புறம் ஹேவ்லாக், நீல், அஞ்சாம் நாள் காலையில கப்பல், மதியம் விமானம். அந்த ஒரு கப்பல் ரத்தானா விமானமும் போச்சு.

இதையே திருப்பிப் போடுங்க. காலை விமானத்துல இறங்கினதும் மதியக் கப்பல்ல ஹேவ்லாக் போயிடுங்க. மூணாம் நாள் நீல், நாலாம் நாள் போர்ட் பிளேர். ஜெயிலைக் கடைசிக்கு வச்சுக்கோங்க. நாலாம் நாள் கப்பல் ஓடலைன்னாலும் கையில இன்னொரு நாள் இருக்கு. கடைசி நாள் விமானத்தைச் சாயங்காலமோ, முடிஞ்சா மறுநாள் காலையிலயோ போட்டா இன்னும் நிம்மதி.

கிளம்புறதுக்கு முந்தின வாரம் செய்தியில ஒரு வரியை மட்டும் கவனிங்க: "அந்தமான் கடல் பகுதிக்கு மீனவர்கள் செல்ல வேண்டாம்." நாம அதை மீனவங்களுக்கான செய்தின்னு கடந்து போயிடுவோம். அந்த வாரம் அது உங்க கப்பலுக்கும் சேர்த்துத்தான். அதைக் கேட்டா, ஹேவ்லாக் விடுதிக்குப் போன் போட்டு தேதி மாத்த முடியுமான்னு அன்னைக்கே கேட்டுடுங்க.