பெட்டிக்குள் படுத்திருக்கும் பீரோ

ஆவடி பருத்திப்பட்டில் ஓர் அடுக்குமாடி வீடு. ஹாலில் நீள நீளமாக அட்டைப்பெட்டிகள். ஆறரை அடி உயர இரண்டு கதவு பீரோ ஒன்று அதற்குள் பலகை பலகையாகப் படுத்திருக்கிறது! அது எழுந்து நிற்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தால் விடுவேனா?

ஃபிட்டர் அண்ணன் முதலில் பலகையைத் தொடவே இல்லை. திருகு பாக்கெட்டைத் தட்டில் கவிழ்த்தார். மரக்குச்சி, போல்ட், கேம் லாக், கீல், குட்டி ஆணி எல்லாவற்றையும் பெட்டிக்குள் இருந்த படப் புத்தகத்தில் போட்ட கணக்கோடு எண்ணிப் பார்த்தார். "பாதியில ஒண்ணு குறைஞ்சா வேலை நின்னுடும் சார். அம்பத்தூர் கடையில அதே அளவு கிடைக்கும்னு சொல்ல முடியாது."

எல் கீ பெட்டியோடு வந்துவிட்டது. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ரப்பர் சுத்தியல், டேப் மூன்றும் அவருடையவை. டிரில் மெஷின் பையிலேயே கிடந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாயிற்றே, மெஷின் வேகத்தில் ஓட்டை அரைபட்டால் திருகு அப்புறம் பிடிக்கவே பிடிக்காது!

அடடா, அந்த கேம் லாக்! 15 மி.மீ. அகலம்தான். அதன் அம்புக்குறி போல்ட் வரும் பக்கம் பார்க்க வேண்டும். போல்ட்டின் தலை உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் அரைச் சுற்று. உள்ளே இருக்கும் வளைந்த விளிம்பு தலையைக் கவ்வி இழுக்க, இரண்டு பலகைக்கும் நடுவில் இருந்த சந்து கண்முன்னே மூடிக்கொள்கிறது! இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் தலை மாட்டவில்லை என்று அர்த்தம்.

படப் புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் நல்ல புத்தகம். திருகுகளை நிஜ அளவிலேயே வரைந்திருந்தார்கள். மேலே வைத்துப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும். பலகையின் எந்த ஓரம் முன்பக்கம் வரும் என்பதை மட்டும் மெல்லிய கோடாகப் போட்டுவிட்டார்கள். பட்டை ஒட்டிய ஓரம்தான் முன்பக்கம் என்று அண்ணன் தடவியே சொல்லிவிட்டார்.

பீரோவைக் கவிழ்த்துப் போட்டு, பின்பலகையை ஆணியடிக்கும் முன் மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை சட்டத்தைத் தள்ளிச் சரிசெய்தார். 3 மி.மீ. தடிமன்தான், ஆனால் பீரோ ஒரு பக்கம் சாயாமல் தாங்குவது இந்தப் பலகைதானாம்! இங்கே கோணினால் கதவு இரண்டும் மேலும் கீழுமாக நிற்கும்.

நிமிர்த்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. உயரம் 78 அங்குலம், ஆழம் 22. நிமிரும்போது பின்மூலை 81 அங்குலம் வரை ஏறும். லாஃப்டின் அடிப்பக்கம் 84. மூன்று அங்குலம் மிச்சம், எழுந்து நின்றது பீரோ!

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். புதிதாகச் செய்பவர்களுக்கு அரை நாள் பிடிக்கும் என்றார். கடைசியாக டிரில் வெளியே வந்தது. கதவு இரண்டும் திறந்திருக்கும்போது குழந்தை கீழ்த்தட்டில் ஏறினால் பீரோ முன்னால் கவிழும், அதனால் சுவரில் எல் கிளாம்ப் போட்ட பிறகுதான் அவர் காசையே வாங்கினார்.