மார்ச்சுக்குப் போதாத நானூறு

கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் நடுத்தர ஆலை ஒன்றை வைத்துக்கொள்வோம். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வார்ப்பை, அது வெளியே ஒரு ஃபவுண்டரியிலிருந்து வாங்குகிறது. ஆண்டுக்கு 3,600 வேண்டும். ஒரு தடவைக்கு எத்தனை வாங்குவது?

கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் வண்டி வாடகை, அச்சு மாட்டும் கூலி, பரிசோதனைச் செலவு. மொத்தமாக வாங்கினால் பணம் முடங்கும், இடம் அடைபடும், துரு ஏறும். இந்த இழுபறிக்குக் கணக்குப் போட்டவர் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1913இல் ஒரு தொழில் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘சிக்கன ஆர்டர் அளவு’ பிறந்தது.

நம் ஆலையில் ஒரு ஆர்டருக்கு 1,000 ரூபாய் செலவு, ஒரு வார்ப்பை ஓராண்டு வைத்திருக்க 20 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தேவையை ஆர்டர் செலவால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, இருபதால் வகுத்தால் 3,60,000. அதன் வர்க்கமூலம் 600. ஆண்டுக்கு ஆறு ஆர்டர், அதற்கு 6,000 ரூபாய். கையிருப்பு சராசரியாக 300 இருக்கும், அதற்கும் 6,000. இரண்டும் சமமாகும் இடத்தில்தான் மொத்தச் செலவு மிகக் குறைவு.

அந்த 600ஐ உடும்புப்பிடியாகப் பிடிக்க வேண்டியதில்லை. 900 வாங்கினாலும் மொத்தச் செலவு 12,000த்திலிருந்து 13,000 ஆகிறது, அவ்வளவுதான். ஆர்டர் செலவில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பர்ச்சேஸ் பிரிவு ஊழியரின் மாதச் சம்பளத்தை ஆர்டர்களுக்குப் பங்கு பிரித்துச் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரு ஆர்டர் குறைந்தால் அந்தச் சம்பளம் குறையப்போவதில்லை. உண்மையில் மிச்சமாகும் பணத்தை மட்டும் சேர்ப்பதே சரி.

ஹாரிஸின் கணக்கு, தேவை ஆண்டு முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று நம்புகிறது. பம்ப் வியாபாரம் அப்படியா? கோடை நெருங்கினால்தான் சூடுபிடிக்கும். ஜனவரிக்கு 100, பிப்ரவரிக்கு 100, மார்ச்சுக்கு 750, ஏப்ரலுக்கு 750 வார்ப்பு தேவை என்று உற்பத்தித் திட்டம் சொல்கிறது. ஆனால் கணினியில் ‘நிலையான லாட் 600’ என்று என்றோ பதிந்துவிட்டார்கள். SAPஇல் இதற்கு FX என்று பெயர்.

ஸ்டோர்ஸில் நடப்பதைப் பாருங்கள். ஜனவரியில் 600 வருகிறது. மாதக் கடைசியில் 500 மிச்சம், பிப்ரவரிக் கடைசியில் 400. இந்த நானூறு இருந்தும் மார்ச்சுக்குப் போதவில்லை, 350 குறைகிறது. ஆகவே இன்னொரு 600. ஏப்ரலிலும் இதே கதை, மறுபடியும் 600. மூன்று ஆர்டருக்கு 3,000 ரூபாய், மாதக் கடைசி இருப்பைச் சுமந்ததற்கு ஏறக்குறைய 2,080 ரூபாய்.

இப்போது ஜனவரியில் இரண்டு மாதத்துக்குமாக 200, மார்ச்சில் 750, ஏப்ரலில் 750 என்று வாங்கிப் பாருங்கள். ஆர்டர் அதே மூன்றுதான். இருப்புச் செலவோ 167 ரூபாய். அந்த நானூறு வார்ப்புகள் இரண்டு மாதம் இடத்தை அடைத்தும் ஒரு ஆர்டரைக்கூட மிச்சப்படுத்தவில்லை என்பது இங்கே வெட்டவெளிச்சமாகிறது. வாக்னர், விட்டின் என்ற இருவர் 1958இல் கணித வழியில் நிறுவியதும் இதைத்தான்: இத்தகைய தேவைக்கு மிகச் சிக்கனமான திட்டத்தில், ஒவ்வொரு ஆர்டரும் முழு முழு மாதங்களின் தேவையை நிறைவு செய்யும். அரைகுறை மிச்சம் அடுத்த ஆர்டரோடு சேராது.

அதற்காக, அந்தந்தத் தேவைக்கு மட்டும் வாங்கும் EX விதியே எப்போதும் நல்லது என்று சொல்லமாட்டேன். நம் கணக்கில் அதற்கு நான்கு ஆர்டர், 4,000 ரூபாய். இரண்டு மாதம் சேர்த்து வாங்கியதைவிட அது செலவு அதிகம். நிலையான லாட்டுக்கும் நியாயமான இடம் உண்டு. சூட்டுப் பதப்படுத்தும் உலை ஒரு தடவைக்கு இத்தனைதான் கொள்ளும், வார்ப்பு அச்சில் ஒரு ஊற்றலுக்கு நான்குதான் விழும் என்றால், அந்த எண் பொருளின் இயல்பிலிருந்தே வருகிறது. அதை மதித்தாக வேண்டும். எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாத 600தான் சந்தேகத்துக்குரியது.

கண்டுபிடிப்பது எளிது. இருப்புப் பதிவேட்டில், ஒவ்வொரு புது வரவுக்கும் முந்தின நாள் எத்தனை கிடந்தது என்று பாருங்கள். அவசரத்துக்கென்று ஒதுக்கிய பாதுகாப்பு இருப்பைவிட அது திரும்பத் திரும்பப் பெரிதாக இருந்தால், அந்தப் பொருளுக்கு லாட் விதி பொருந்தவில்லை.