‘முன்பு எவ்வளவு?’ – அப்ரைசல் மெயிலில் விடுபட்டுப்போகும் கேள்வி

நிதியாண்டு முடிந்து ஏப்ரல் பிறந்ததும் பல அலுவலகங்களில் ஹெச்.ஆர். துறையிடமிருந்து ஒரு அறிவிப்பு வரும். கடந்த ஆண்டில் நீங்கள் செய்த வேலையை நீங்களே எழுதி, குறிப்பிட்ட தேதிக்குள் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலானோர் கடைசி நாள் மாலையில் உட்கார்ந்து, கடுமையாக உழைத்தேன், கொடுத்த வேலைகளை உரிய நேரத்தில் முடித்தேன், குழுவோடு ஒத்துழைத்தேன் என்று நாலு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு மேனேஜரால் எதுவும் செய்ய முடியாது.

ஏன் என்று புரிய, அந்த மெயில் அதன்பின் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் பெரிய நிறுவனங்களில் மேனேஜர் போடும் ரேட்டிங் இறுதியானதல்ல. ஒரே நிலையில் இருக்கும் ஊழியர்களின் மேனேஜர்கள் எல்லோரும் ஹெச்.ஆரோடு கூடி உட்கார்ந்து, ரேட்டிங்குகளை ஒப்பிட்டுக் கூட்டிக் குறைப்பார்கள். காலிபரேஷன் என்றும் நார்மலைசேஷன் என்றும் இதைச் சொல்வார்கள். இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று வரம்பு கட்டும் பெல் கர்வ் முறையை மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனம் 2013-லேயே கைவிட்டாலும், கூடி உட்கார்ந்து ஒப்பிடும் வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. அந்த அறையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். உங்கள் வேலை என்னவென்றே தெரியாத மற்ற மேனேஜர்கள் இருப்பார்கள். உங்களுக்காகப் பேச உங்கள் மேனேஜருக்கு ஓரிரு நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்தில் அவர் வாசிக்கக்கூடிய வாக்கியத்தை அவர் கையில் கொடுப்பதற்குத்தான் இந்த மெயில்.

ஒரு உதாரணத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கணக்குப் பிரிவில் ஒரு பெண், சப்ளையர்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்த்துப் பணம் போக ஏற்பாடு செய்கிறார். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்கு ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என்., சப்ளையரின் பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும். அவர் முதலில் எழுதிய மெயிலின் முக்கிய வரி இதுதான்: “இந்த ஆண்டு 2,520 பில்களைச் சரிபார்த்துப் பணம் வழங்க ஏற்பாடு செய்தேன்.”

எண் இருக்கிறது, அதனால் இது நல்ல வரி என்று தோன்றலாம். ஆனால் 2,520 என்பது அவரிடம் வந்த வேலையின் அளவு. அந்த நாற்காலியில் வேறு யார் இருந்திருந்தாலும் அத்தனை பில்களும் வந்திருக்கும். அவர் இருந்ததால் என்ன மாறியது என்பதை அந்த எண் சொல்லவில்லை. வேலையின் அளவைச் சாதனையாக எழுதுவதுதான் நான் பார்த்தவரை இந்த மெயில்களில் அதிகம் நடக்கும் பிழை. எண் போட்டுவிட்டோம் என்ற திருப்தியில், முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்ற கேள்வி விட்டுப்போகிறது.

அவர் வேலையில் எது மாறினால் நிறுவனத்துக்கு அக்கறை? சிறு, குறு நிறுவனங்களுக்குப் பணம் தாமதமாகப் போவதுதான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு மற்றும் சிறு சப்ளையர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. கெடு தாண்டியும் ஆண்டு முடிவுவரை கொடுக்கப்படாமல் நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். வார்ப்படக் கூடங்களும் லேத் பட்டறைகளும் சப்ளையர்களாக உள்ள ஒரு கோவை நிறுவனத்துக்கு இது பெரிய விஷயம். ஆகவே இவர் தேட வேண்டிய எண், 45 நாள் தாண்டிய பில்கள் எத்தனை என்பது.

அதற்கு எந்தப் புது மென்பொருளும் வேண்டாம். நிறுவனத்தின் கணக்கு மென்பொருளிலிருந்து கெடுவுக்கான நாள் எண்ணத் தொடங்கும் தேதி, பணம் போன தேதி என்ற இரண்டு பத்திகளை எக்செலில் இறக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் போதும். பணம் போன தேதியை வைத்துக் காலாண்டுகளாகப் பிரித்தபோது, ஏப்ரல்–ஜூனில் சிறு சப்ளையர்களின் 640 பில்களில் 118 தாமதம். ஜனவரி–மார்ச்சில் 610-இல் 21 மட்டும். அதாவது 18 சதவீதம் 3 சதவீதமாக இறங்கியிருக்கிறது. சராசரி நாட்களைக் கணக்கிடாமல் தாமதமான பில்களை எண்ணியதற்குக் காரணம் உண்டு. தகராறில் நீண்ட நாள் நின்ற பில்கள் சராசரியைத் தூக்கிவிடும், எண்ணிக்கையில் ஒவ்வொன்றும் ஒன்றாகவே நிற்கும்.

அடுத்தது, இந்த மாற்றம் எப்படி நடந்தது? அவர் செய்தது எளிய காரியம். பில்கள் தேங்கியதற்கு முக்கியக் காரணம் ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். போடாமல் விட்டதுதான் என்று கண்டு, ஜூலையிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்படி நிற்கும் பில்களின் பட்டியலை, எத்தனை நாளாக நிற்கிறது என்ற விவரத்தோடு ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்கு அனுப்பினார். முதல் மெயிலில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. தினப்படி செய்கிற வேலையாகிவிட்டதால் அதை எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு சிக்கல் வரும். அக்டோபரில் நிறுவனம் பில் ஒப்புதலுக்குப் புதிய மென்பொருள் கொண்டுவந்தது. தாமதம் குறைந்தது மென்பொருளால்தானே என்று காலிபரேஷன் அறையில் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இதற்குப் பதில் காலாண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. மென்பொருள் வருவதற்கு முந்தைய ஜூலை–செப்டம்பரிலேயே தாமதம் 18-இலிருந்து 11 சதவீதமாக இறங்கிவிட்டது. அக்டோபர்–டிசம்பரில் 6 ஆனது, பிறகு 3. முதல் இறக்கத்துக்குப் பட்டியல் காரணம், பின்னதில் மென்பொருளுக்கும் பங்கு உண்டு என்று எழுதுவதுதான் நியாயம். முழுப் பெருமையையும் எடுத்துக்கொண்ட வாக்கியம் ஒரே கேள்வியில் விழுந்துவிடும். பங்கைப் பிரித்துச் சொன்ன வாக்கியம் நிற்கும், அதைச் சொன்ன மேனேஜரும் நிற்பார்.

இன்னொரு கேள்வியும் வரும். வேகமாகப் பணம் போனதில் தப்பு கூடியதா? வேகத்தைக் காட்டும் எந்த எண்ணுக்கும் பக்கத்தில் தரத்தைக் காட்டும் ஒரு எண் இருக்க வேண்டும். தவறாகப் பணம் போய்த் திருப்பி வாங்க வேண்டிவந்தவை முதல் அரையாண்டில் 9, இரண்டாவதில் 4 என்று அவரால் காட்ட முடிந்தது. அது கூடியிருந்தால், 3 சதவீதம் என்ற எண்ணைச் சாதனையாக எழுதியிருக்கவே கூடாது.

இப்போது திருத்திய வரி இப்படி இருக்கிறது:

“குறு, சிறு சப்ளையர்களுக்கு 45 நாள் தாண்டிப் போன பில்கள் ஏப்ரல்–ஜூனில் 18 சதவீதம் (640-இல் 118), ஜனவரி–மார்ச்சில் 3 சதவீதம் (610-இல் 21). ஜி.ஆர்.என். இல்லாத பில்களின் பட்டியலை ஜூலை முதல் வாரந்தோறும் ஸ்டோர்ஸுக்கு அனுப்பியதில் முதல் இறக்கம் கிடைத்தது. அக்டோபரில் வந்த புதிய மென்பொருளும் உதவியது. திருப்பி வாங்க வேண்டிய தவறான பணப்பட்டுவாடா 9-இலிருந்து 4 ஆனது.”

கூகுளில் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், வேலை விண்ணப்பங்களுக்கு இதே அமைப்பைப் பரிந்துரைத்தார்: எதைச் சாதித்தேன், எந்த அளவால் அது தெரிகிறது, எதைச் செய்து சாதித்தேன். அப்ரைசலுக்கு நான் அதில் ஒன்றே ஒன்று சேர்ப்பேன். அளவு என்னும் இடத்தில் முன்பிருந்த எண்ணும் கட்டாயம் வேண்டும். சதவீதத்தோடு அசல் எண்ணிக்கையும் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இரண்டானதுகூட நூறு சதவீத வளர்ச்சியாகிவிடும்.

எண்ணில் அடங்காத வேலைகளை என்ன செய்வது? புதிதாகச் சேர்ந்த இளைஞருக்கு அவர் வேலை பழக்கினார். ‘ஜூனியருக்குப் பயிற்சி அளித்தேன்’ என்பதற்குப் பதிலாக, ‘என்னிடம் பழகியவர் ஆறாவது வாரத்திலிருந்து மறுசரிபார்ப்பு இல்லாமல் தனியாகப் பில் பார்க்கிறார்’ என்று எழுதலாம். பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு மாற்றம் இருந்தால் போதும். அதற்கு வலிந்து ஒரு சதவீதத்தை உண்டாக்கத் தேவையில்லை. கணக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சொல்ல முடியாத எண் ஒன்று இருந்தாலும் மற்ற எண்களும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

முடியாமல் போனதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் 40 சப்ளையர்களோடு கணக்கு ஒப்பிட்டு முடிப்பது என்று இலக்கு வைத்தார்கள், 26 பேரோடுதான் முடிந்தது. மேனேஜருக்கு இது தெரியும். மெயிலில் இல்லாவிட்டால் மறைத்ததாகத் தோன்றும். ‘26 முடிந்தது, மீதி 14-ஐ ஜூனுக்குள் முடிப்பேன்’ என்று எழுதினால் அதோடு தீர்ந்தது.

மெயிலின் நீளம் ஒரு திரைக்குள் அடங்கட்டும். மிகப் பெரிய மாற்றம் மேலே, மொத்தம் மூன்று அல்லது நான்கு, அவ்வளவுதான். தினசரி வேலைகளின் பட்டியல் வேண்டாம், அது மேனேஜரிடம் ஏற்கெனவே இருக்கிறது. எக்செல் கோப்பை நிறுவனக் கணினியிலேயே வைத்து அது இருக்கும் இடத்தைக் குறிப்பிடுங்கள். சப்ளையர் பெயரும் தொகையும் உள்ள கோப்பைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவைப்பது பல நிறுவனங்களில் விதிமீறல். அனுப்புவதைக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். மேனேஜர் தன் பங்கை எழுதும்போது உங்கள் வாக்கியம் அவர் முன்னால் இருக்க வேண்டும்.

இந்த ஆண்டு எழுதி அனுப்பியாகிவிட்டது என்றால், அடுத்ததற்கான வேலை ஜூலை முதல் வாரத்தில் இருக்கிறது. உங்கள் வேலையில் அக்கறைக்குரிய எண் எது என்று மேனேஜரிடமே கேட்டு, ஏப்ரல்–ஜூன் காலாண்டின் எண்ணை அப்போதே எடுத்துத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். மென்பொருள் மாறினாலோ பழைய பதிவுகள் வேறிடம் போனாலோ, ஒன்பது மாதம் கழித்து அந்த முதல் எண்ணைத் தேடி எடுப்பது மிகவும் கடினம்.