உப்பைக் குறைத்தும் பிபி இறங்கலையா? மாத்திரை டப்பாவையும் பாருங்க

தூத்துக்குடியில் யாருக்காவது பிபி கூடிவிட்டால், "கருவாட்டை நிறுத்துங்க, உப்பைக் குறைங்க" என்பதுதான் முதல் அறிவுரை. உப்பளங்களுக்குப் பேர்போன ஊர், அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் 30 வயதில் பிபி ஏறினால் இன்னொரு கேள்வியும் வேணும்: "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

ஒரு உதாரணம் பார்ப்போம். துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் 32 வயது இளைஞர். மன அழுத்த நோய்க்கு வென்லாஃபாக்சின் தொடங்கியபோது பிபி 118/76. முதலில் தினம் 75 மில்லிகிராம், பிறகு 150, அடுத்து 225. சில வாரம் கழித்து, கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் பிபி 146/94. மனநல மாத்திரையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. இவரும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நடந்தது என்ன? குறைந்த அளவில் வென்லாஃபாக்சின் பெரும்பாலும் செரட்டோனின் மீதுதான் வேலை செய்யும். அளவு கூடக் கூட, நார்அட்ரினலின் நரம்பு முனைகளுக்குத் திரும்பிப் போவதையும் அதிகமாகத் தடுக்கும். அது ரத்தக் குழாய்களை இறுக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும். ஆரம்பகால ஆய்வுகளில், தினம் 100 மில்லிகிராமுக்குள் எடுத்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் பிபி உயர்ந்தே நின்றது. 300-க்கு மேல் போனவர்களில் அது 13 சதவீதம். அதனால் தொடங்கும் முன்னாலும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பிறகும் பிபி பார்க்கணும்.

கவனக்குறைவுப் பிரச்சினைக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் கதை கொஞ்சம் வேறு. பெரும்பாலானவர்களுக்கு ஏற்றம் சில புள்ளிகள்தான். சிலருக்கு மட்டும் நன்றாகவே ஏறும். இதன் சாதாரண மாத்திரை சில மணி நேரமே வேலை செய்யும் என்பதால், காலையில் மாத்திரைக்கு முன்னால் மட்டும் அளந்தால் எல்லாம் நார்மலாகத் தெரியலாம். மருந்து வேலை செய்யும் நேரத்திலும் ஒருமுறை அளங்க.

எப்படி உறுதி செய்வது? ஒரு வாரம், காலையும் மாலையும், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு இரண்டு முறை அளந்து எழுதி வையுங்க. டீ, காபி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும். பக்கத்திலேயே மாத்திரையின் அளவு மாறிய தேதியையும் குறிங்க. வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தத் தாளோடு மருந்து எழுதிய டாக்டரைப் பாருங்க. அளவைக் குறைக்கலாம், செர்ட்ராலின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். இந்த மருந்துதான் ஒத்துப்போகிறது என்றால், கூடவே பிபி மாத்திரை தரலாம்.

நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம். வென்லாஃபாக்சினைத் திடீரென விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் அடிச்ச மாதிரி உணர்வு வரும். பழைய சோர்வும் திரும்பலாம். பிபி 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கை கால் பலவீனம் என ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் 108.

மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரை கேட்கும்போதும் இந்த மருந்துகளின் பேரைச் சொல்லிடுங்க. மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் இரண்டுமே பிபியை இன்னும் ஏற்றக்கூடியவை.