அறுபது வயதில் பிரீமியம் எவ்வளவு இருக்கும்?

மருத்துவக் காப்பீட்டுக்கான புதுப்பிப்பு நோட்டீஸ் வந்ததும் பலரும் போன ஆண்டுத் தொகையோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ கூடியிருந்தால் முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்து அதே பாலிசிக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும், அது குடும்ப வருமானத்தில் எத்தனை சதவீதத்தைத் தின்னும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

பிரீமியம் இரண்டு காரணங்களால் ஏறுகிறது. ஒன்று வயது. 36-40, 41-45 என்று வயதைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விலை வைக்கும் வழக்கம் பல பாலிசிகளில் உண்டு. குடும்பம் முழுமைக்கும் ஒரே பாலிசி என்றால், பெரும்பாலும் மூத்தவரின் வயதுதான் கணக்கு. இன்னொன்று மருத்துவச் செலவின் விலைவாசி. அறை வாடகையும் அறுவைச் சிகிச்சைக் கட்டணமும் உயர உயர, காப்பீட்டு நிறுவனம் விலை அட்டவணையையே மாற்றி எழுதுகிறது. இந்த இரண்டு ஏற்றங்களும் ஒன்றையொன்று கூட்டுவதில்லை, பெருக்குகின்றன.

உதாரணத்துக்கு, கணவருக்கு 40 வயதான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய். 10 லட்சம் ரூபாய் காப்பீட்டுக்கு 20,000 ரூபாய் பிரீமியம் கட்டுகிறார்கள். இது வருமானத்தில் 2.5 சதவீதம். அதே பாலிசியின் இன்றைய அட்டவணையில் 50 வயதுக்காரருக்கு 30,000, 60 வயதுக்காரருக்கு 50,000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அறுபது வயதில் 50,000 ரூபாய்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது இன்று அறுபது வயதானவருக்கான விலை. இவருக்கு அறுபது ஆகும்போது அந்த அட்டவணையே பலமுறை மாறியிருக்கும். அட்டவணை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், 20 ஆண்டில் அது 4.66 மடங்கு. 50,000 ரூபாயை அதனால் பெருக்கினால் சுமார் 2.33 லட்சம் ரூபாய் வருகிறது.

வருமானமும் சும்மா இருக்காதே? ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், 8 லட்சம் என்பது 25.7 லட்சம் ஆகிவிடும். அப்படியும் பிரீமியத்தின் பங்கு 50 வயதில் 4.5 சதவீதமாகவும், 60 வயதில் 9 சதவீதமாகவும் ஏறுகிறது. பணி ஓய்வு பெற்று வருமானம் பாதியானால், அந்தப் பங்கு ஒரே நாளில் 18 சதவீதம்.

விலைவாசி அனுமானத்தை மாற்றிப் பார்ப்பதும் அவசியம். 10 சதவீதம் என்று வைத்தால் 60 வயதில் பிரீமியம் 3.36 லட்சம். விலைவாசியும் வருமானமும் ஒரே வேகத்தில், அதாவது 6 சதவீதமாக ஓடினால்கூட, பங்கு 2.5 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதத்துக்கு வந்துவிடும். வயது மட்டுமே செய்யும் வேலை அது.

சொந்தக் கணக்கைப் போடும்போது இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. பழைய ரசீதுகளில் தெரியும் உயர்வில் வயது, விலைவாசி இரண்டும் ஏற்கெனவே கலந்திருக்கும். அந்த உயர்வை எடுத்துக்கொண்டு மறுபடியும் வயதால் பெருக்கினால் விடை ஊதிப்போகும். அடுத்தது வரி. தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ரசீதுகளில் வரியைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அடிப்படை விலை ஏறியது கண்ணில் படாமலே போகும்.

மூத்த குடிமக்களுக்கு ஒரு கடிவாளம் உண்டு. அவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. ஆனால் 10 சதவீத வேகத்திலேயே ஏறினாலும், எட்டு ஆண்டுக்குள் தொகை இரட்டிப்பாகிவிடும்.

இந்தச் சுமையைக் குறைக்க வழிகள் உண்டு. 5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசி எடுத்து, அதற்கு மேல் வரும் செலவுக்கு சூப்பர் டாப்-அப் சேர்த்தால், ஒரே பெரிய பாலிசியைவிடப் பொதுவாக மலிவாக முடியும். ஓய்வுக்காலப் பிரீமியத்துக்கென்றே தனியாகச் சேமிக்கலாம். மாதம் 2,000 ரூபாயை 8 சதவீத வருவாயில் 20 ஆண்டு போட்டால் சுமார் 11.8 லட்சம் சேரும். மேலே சொன்ன குடும்பத்துக்கு அது நான்கைந்து ஆண்டுப் பிரீமியத்துக்குத்தான் தாங்கும்.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதென்றால், புதுப்பிப்புத் தேதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் விண்ணப்பிப்பது நல்லது. புதிய நிறுவனம் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்கவும் கூடும் என்பதால், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வருவதற்கு முன்பே, நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.