வேகம் கூடவில்லை... ஆனால் முன்னேற்றம் உண்டா?

மெதுவோட்டம் போறீங்க. வாரக்கணக்கில் அதே நேரம்தான் ஆகுதா? இதயத் துடிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

எப்படிக் கணக்கிடுவது?

நிமிடத்துக்கு ஓடிய மீட்டரைச் சராசரி இதயத் துடிப்பால் வகுக்க வேண்டும். அதுதான் 'எஃபிஷியன்சி ஃபேக்டர்'.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 5 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓடுறீங்க என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 125 மீட்டர். சராசரித் துடிப்பு 150 என்றால் எண் 0.83.

8 வாரம் கழித்தும் அதே 40 நிமிடம். ஆனால் துடிப்பு 140. எண் 0.89க்கு ஏறிவிட்டது. அதே வேகத்துக்கு இதயம் இப்போது குறைவாக உழைக்கிறது. அதுதான் முன்னேற்றம்!

எண் திடீரெனக் குறைந்தால்?

வெயில், புழுக்கம், தூக்கமின்மை எல்லாமே துடிப்பை ஏற்றிவிடும். அதனால் ஒரே பாதையில், ஒரே வேளையில் ஓடியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு, வாரச் சராசரியைக் கவனியுங்கள்.