ஒரு வீட்டு மோடம், எட்டு வீட்டு இன்டர்நெட்

மாலை ஆறரை மணிக்கு மேல் நெட் இழுக்கிறது, காலை ஒன்பது மணிக்குப் பிறகு சரியாகிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்படி ஒரு புகார் வந்தால், "எல்லாரும் வீடு திரும்பி வீடியோ பார்க்கிற நேரம், அதான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பல நேரம் அது உண்மைதான். ஆனால் நெரிசலால் வரும் தாமதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரே நிமிடத்தில் எல்லா வீட்டிலும் தொடங்கி, ஒரே நிமிடத்தில் எல்லா வீட்டிலும் நிற்கும் கோளாறு வேறு வகை. யாரோ ஒருவர் வீட்டில் ஏதோ ஒரு சுவிட்ச் எப்போது போடப்படுகிறது, எப்போது அணைக்கப்படுகிறது என்பதை அது சொல்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, மீட்டர் அறையிலோ மாடிப்படி ஓரத்திலோ இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் ஆபரேட்டரின் அலுவலகத்திலிருந்து நம் கட்டடத்துக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணாடி இழைதான். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்ப்ளிட்டர் அந்த இழையில் வரும் ஒளியை எட்டாகவோ பதினாறாகவோ பிரித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அதற்கு மின்சாரம் கிடையாது, உள்ளே சிப் கிடையாது. ஒளியைப் பங்கிடுவதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது.

அலுவலகத்திலிருந்து நம்மை நோக்கி வரும் பாதையில் சிக்கல் இல்லை. எட்டு வீட்டுக்கும் ஒரே ஒளி வருகிறது. அவரவர் மோடம் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நாம் திருப்பி அனுப்பும் பாதையில்தான் எல்லாம் இருக்கிறது. எட்டு வீட்டு ஒளியும் ஸ்ப்ளிட்டரில் கலந்து ஒரே இழையில் ஏறுவதால், ஒரு நேரத்தில் ஒரு வீடுதான் பேச முடியும். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதுபோல, அலுவலகத்தில் இருக்கும் கருவி ஒவ்வொரு மோடத்தையும் கூப்பிடுகிறது. கூப்பிட்ட மோடம் மட்டும் தன் லேசரை ஏற்றி "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டு அணைத்துவிட வேண்டும். இந்தியாவில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் இந்தச் சுற்று வினாடிக்கு 8,000 முறை நடக்கிறது. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையே விடப்படும் இடைவெளி, ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு.

ஆக, இந்த ஏற்பாடு முழுவதும் மற்றவர்கள் இருட்டாக இருப்பதை நம்பி நிற்கிறது. ஒரு வீட்டின் ஒயர் அறுந்தாலோ, மோடம் செத்துப்போனாலோ பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அணைய வேண்டிய நேரத்தில் அணையாத மோடம்தான் எல்லாரையும் பாதிக்கிறது. லேசரை இயக்கும் பகுதி பழுதாகி அது எரிந்துகொண்டே இருந்தால், அலுவலகக் கருவிக்கு யார் குரலும் கேட்காது. எட்டு வீடும் விழுந்துவிடும். தன் முறை முடிந்த பிறகும் சற்றே கூடுதலாக எரிந்தால், அடுத்த வீட்டின் பேச்சின் தொடக்கம் மட்டும் அழியும். இந்த இரண்டாவது வகைதான் கொடுமையானது. பழுதான மோடம் உள்ள வீட்டில் நெட் நன்றாகவே ஓடும். பக்கத்து வீடுகளில் மட்டும் இழுக்கும். குற்றவாளிக்குப் புகார் செய்யக் காரணமே இல்லை.

திரும்பும் பாதைதான் கெட்டது என்றால் டவுன்லோட் ஏன் குறைகிறது என்று கேட்கலாம். ஒரு படத்தையோ கோப்பையோ இறக்கும்போது, வந்த ஒவ்வொரு பகுதிக்கும் "கிடைத்தது" என்று நம் கணினி பதில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால், அனுப்புகிற சர்வர் பாதையில் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ காலில் எதிர்முனையில் இருப்பவர் நமக்குத் தெளிவாகத் தெரிய, நம் முகம் மட்டும் அவருக்கு உறைந்து நின்றால், அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தத் துறையில் இப்படிப்பட்ட மோடத்துக்கு 'ரோக்' என்று பெயர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2011-இல் இதற்கென்றே தனி வழிகாட்டி ஆவணம் வெளியிட்டது. அப்படியிருந்தும் வீட்டு வாசலுக்கு வரும் ஊழியர் இதைக் கண்டுபிடிக்காமல் போவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அவர் கையில் இருக்கும் பவர் மீட்டர், அலுவலகத்திலிருந்து வரும் ஒளியை அளக்கிறது. அதில் குறையே இருக்காது. "சார், லைட் நல்லாத்தான் வருது, உங்க பாக்ஸ்தான் போயிருக்கும்" என்று புகார் செய்தவரின் மோடத்தை மாற்றிவிட்டுப் போவார். அடுத்த நாள் மாலை மறுபடியும் அதே கதை. அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒரு வீட்டு மோடத்தின் ஒளி ஸ்ப்ளிட்டர் வழியாக மேலே போகுமே தவிர இன்னொரு வீட்டுக்குத் திரும்பி வராது. அதனால் புகார் செய்த வீட்டில் நின்றுகொண்டு எதை அளந்தாலும் கோளாறு தெரியாது.

மோடத்தின் விளக்குகள் ஒரு தடயம் தரும். LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். இழை மடங்கியோ அறுந்தோ இருக்கும். LOS எரியாமல் PON விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தால், மோடம் அலுவலகத்தைக் கேட்கிறது, அலுவலகம் மோடத்தைக் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இப்படி என்றால் அந்த வீட்டு இணைப்பின் பதிவில் சிக்கலாக இருக்கலாம். பல வீடுகளில் ஒரே நேரத்தில் இப்படி என்றால், யாருடைய லேசரோ அணையவில்லை என்று சந்தேகிக்கலாம்.

ஸ்டில்ட்டுக்கு மேல் நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு, எட்டு வீடும் ஒரே ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோளாறு இருக்கும் மாலை நேரத்திலேயே சோதனையைச் செய்ய வேண்டும். முதல் மாடியில் ஒருவர் தன் கணினியை வைஃபையில் இல்லாமல் ஒயரில் மோடத்தோடு இணைத்து, இந்தக் கட்டளையை ஓடவிடுகிறார்:

```
ping -t 8.8.8.8
```

வரிசையாகப் பதில் வர வேண்டிய இடத்தில் நான்கைந்து வரிக்கு ஒருமுறை Request timed out என்று வருகிறது. இப்போது மற்ற ஏழு வீட்டாரும் மோடத்தின் சுவிட்சை அணைக்கிறார்கள். பிங் சுத்தமாகிவிடுகிறது. ஆகவே கோளாறு அந்த ஏழில் ஒன்றில். அடுத்து ஒவ்வொரு வீடாக மோடத்தைப் போட்டு, அது முழுதாக எழுந்திருக்க மூன்று நான்கு நிமிடம் காத்திருக்கிறார்கள். மூன்றாம் மாடியில், வேலைக்குப் போகும் இருவர் வாடகைக்கு இருக்கும் வீட்டில் போட்டதும் பதில்கள் மறுபடி விழத் தொடங்குகின்றன. அணைத்தால் நிற்கிறது, போட்டால் வருகிறது. அவர்கள் காலையில் கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள், ஆறரைக்குத் திரும்புவார்கள். எட்டு வீட்டின் நேரக்கணக்கும் அதோடு பொருந்திவிடுகிறது. மோடத்தை மாற்றினால் வேலை முடிந்தது. அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை அதே இடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது முக்கியம். லேசர் பழுதானால் அது அந்த வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது.

இந்தச் சோதனை இரண்டு இடங்களில் ஏமாற்றும். காலி செய்துவிட்டுப் போன வீட்டில் மோடம் இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம். சந்தா முடிந்திருந்தாலும் அதன் லேசர் முடிந்துவிடாது. மோடத்தை இன்வெர்ட்டரில் இணைத்த வீட்டில் மெயினை இறக்கினாலும் அது அணையாது. எனவே மோடத்துக்கு வரும் ஒயரையே பிடுங்க வேண்டும். எல்லா வீட்டையும் அணைத்த பிறகும் கோளாறு அப்படியே இருந்தால், அது நம் கட்டடத்தில் இல்லை. தெருவில் ஒருமுறை, கட்டடத்தில் ஒருமுறை என்று ஒளியை இரண்டு கட்டமாகப் பிரிப்பது வழக்கம். அலுவலகத்தின் ஒரே முனையை 64 வீடுகள்வரை பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த தெருவில் இருக்கும் ஒரு மோடம் நம் கட்டடத்தைக் கெடுக்க முடியும்.

ஆபரேட்டரின் ஆளுக்கு இன்னும் நேரான வழி உண்டு. ஸ்ப்ளிட்டர் பெட்டியில் ஒவ்வொரு வீட்டின் இழையையும் கழற்றி, வீட்டிலிருந்து வரும் ஒளியை மீட்டரில் பார்ப்பது. நல்ல மோடம், அலுவலக ஒளி வராதவரை வாயைத் திறக்காது; மீட்டர் எதையும் காட்டாது. கழற்றிய பிறகும் ஒளி வந்துகொண்டிருந்தால் அந்த வீட்டு மோடம்தான். பழைய மீடியா கன்வெர்ட்டரை யாராவது ஃபைபரில் செருகியிருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கருவி வேறு முறைக்காகச் செய்யப்பட்டது, அது யாரையும் கேட்காமல் எப்போதும் எரியும். வேறு ஆபரேட்டரின் பெட்டியை நாமே செருகிப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். நேரம் அளவு கடந்து எரிகிற மோடத்தை மட்டும் இந்த மீட்டர் காட்டாமல் போகலாம். அதற்கு வீடு வீடாக அணைத்துப் பார்ப்பதுதான் வழி. இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதை யாரும் செய்யக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைத் தாக்கும்.

கேபிள் டிவி ஒயரிலேயே இன்டர்நெட் வாங்கும் கட்டடங்களில் இதே கதை மின்சார இரைச்சலாக நடக்கிறது. அங்கே எல்லா வீடுகளின் திரும்பும் சிக்னலும் ஒரே செப்பு ஒயரில் சேர்கிறது; எல்லா வீட்டு இரைச்சலும் அதோடு சேர்ந்து ஏறுகிறது. டிவியை இரண்டு அறைக்குப் பிரிக்க வாங்கிய மலிவான ஸ்ப்ளிட்டர், சரியாகத் திருகாத கனெக்டர், ஒன்றும் இணைக்காமல் திறந்து கிடக்கும் முனை ஆகியவை ஆன்டெனாவாக மாறி, மிக்ஸி மோட்டார் முதல் பழுதான அடாப்டர்வரை எல்லாவற்றின் இரைச்சலையும் உள்ளே இழுக்கும். இரைச்சல் கூடும்போது இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க, மோடங்கள் ஒரு துடிப்பில் அனுப்பும் பிட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். அது ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கினால், எட்டு வீட்டின் அப்லோடும் மூன்றில் ஒரு பங்காகும்.

வெளியிலிருந்து வரும் இரைச்சல் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் கிராமம் சாட்சி. அங்கே பதினெட்டு மாதமாக, தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் பிராட்பேண்ட் விழுந்தது. தொலைபேசி ஒயர்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. 2020-இல் பொறியாளர்கள் இரைச்சலை அளக்கும் கருவியோடு விடியலில் ஊரைச் சுற்றியபோது, ஒரு வீட்டின் பழைய டிவி காலை ஏழு மணிக்குப் போடப்படுவதுதான் காரணம் என்று தெரிந்தது. அங்கேயும் காட்டிக்கொடுத்தது நேரம்தான்.

கேபிள் ஒயர் கட்டடத்தில் தேடும் முறையும் மேலே சொன்னதுதான்: கட்டடப் பெட்டியில் ஒவ்வொரு வீட்டு ஒயராகக் கழற்றி, இரைச்சல் எதில் இறங்குகிறது என்று பார்ப்பது. கண்டுபிடித்த பிறகு, ஸ்ப்ளிட்டரை மாற்றி, காலியான முனைகளில் 75 ஓம் டெர்மினேட்டரைத் திருகிவிட்டால் பெரும்பாலும் தீரும். டிவி மட்டும் பார்க்கும் வீட்டு ஒயரில் ஹை-பாஸ் ஃபில்டர் என்ற விரல் நீளக் குழாயைப் போடச் சொல்லி ஆபரேட்டரைக் கேட்கலாம். அது டிவி சிக்னலை வீட்டுக்குள் விடும், வீட்டு இரைச்சலை மேலே ஏற விடாது.